பராபவ எந்த நாளில் பிறக்கிறது?

2026 மார்ச் 19 அன்று பெங்களூரில் யுகாதி. காலையில் வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து வாயில் போட்டுக்கொண்ட கன்னட வீடுகளில் அன்றைக்கே பராபவ ஆண்டு பிறந்துவிட்டது. அதே தெருவில், அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ, தமிழ்க் குடும்பம் ஒன்றின் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டி அன்று விசுவாவசு வருஷம், பங்குனி என்றது. அந்த வீட்டில் பராபவ பிறந்தது ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளில். நடுவில் இருந்த 26 நாட்களும் ஒரே ஊரில், ஒரே சுவரின் இரு பக்கங்களில், ஆண்டுக்கு வெவ்வேறு பெயர் நடந்தது. அந்த நாட்களில் கோயிலில் சங்கல்பம் சொல்லிய அர்ச்சகர் எந்தப் பெயரைச் சொன்னார் என்பது, அவர் கையில் இருந்த பஞ்சாங்கம் எது என்பதைப் பொறுத்தது.

இரண்டு பெயரும் சரி. பெயர் பிழையானதாலோ பஞ்சாங்கக்காரர் கணக்குத் தப்பியதாலோ வந்த வேறுபாடு அல்ல இது. இதன் காரணம் தெரிந்துவிட்டால், நடக்கும் ஆண்டின் பெயரைக் கண்டுபிடிப்பது இரண்டு வரிக் கணக்குதான். காரணம் தெரியாமல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால், ஆண்டில் மூன்றரை மாதம் தவறான விடை வரும். பழைய ஜாதகத்தையோ கல்வெட்டையோ படிக்கும்போது அந்தத் தவறு ஒரு முழு ஆண்டாக, சில நேரம் அறுபது ஆண்டாகவே பெருகும்.

முதலில் கணக்கு. அறுபது பெயர்களில் முதலாவது பிரபவ, கடைசி அட்சய. அண்மையில் பிரபவ பிறந்தது 1987 ஏப்ரலில். அதனால் ஆங்கில ஆண்டிலிருந்து 6ஐக் கழித்து, மிச்சத்தை 60ஆல் வகுத்தால் வரும் மீதியே பட்டியலில் அந்த ஆண்டின் வரிசை எண். 2026இலிருந்து 6 போனால் 2020. அதில் 60 முப்பத்து மூன்று முறை போக மீதி 40. நாற்பதாவது பெயர் பராபவ. 2025க்கு மீதி 39, விசுவாவசு. மீதி சுழி வந்தால் குழம்ப வேண்டாம். அது அறுபதாவது பெயரான அட்சய. 1986 அப்படிப்பட்ட ஆண்டு.

பஞ்சாங்கக்காரர்கள் ஆங்கில ஆண்டை வைத்துக் கணக்கிடவில்லை. கடந்துபோன சக ஆண்டோடு 12ஐக் கூட்டி 60ஆல் வகுப்பது ஒரு வழி. கடந்துபோன கலி ஆண்டோடு 13ஐக் கூட்டி வகுப்பது இன்னொன்று. 2026 சித்திரையில் கடந்த சக ஆண்டு 1948. பன்னிரண்டைக் கூட்டினால் 1960, மீதி 40. கலி 5127, பதின்மூன்றைக் கூட்டினால் 5140, மீதி அதே 40. மூன்று வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், ஒன்றால் கண்டதை மற்றொன்றால் சரிபார்த்துக்கொள்ளலாம். கழித்தலிலோ வகுத்தலிலோ கை தவறினால் உடனே தெரிந்துவிடும்.

இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரையிலான காலம். ஆங்கில ஆண்டு மாறிவிட்டிருக்கும், தமிழ் ஆண்டு மாறியிருக்காது. குடியரசு நாளான 1950 ஜனவரி 26ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1950ஐ அப்படியே கணக்கில் போட்டால் மீதி 24, விகிருதி என்று வரும். ஆனால் அது தை மாதம். அந்தத் தையைத் தன்னோடு கொண்ட ஆண்டு 1949 ஏப்ரலில் பிறந்தது. ஆகவே 1949ஐத்தான் போட வேண்டும். மீதி 23, விரோதி. சுதந்திரம் வந்த 1947 ஆகஸ்ட் 15க்கு இந்தத் தொல்லை இல்லை. மீதி 21, சர்வசித்து, ஆடி மாதம். தை, மாசி, பங்குனி என்ற மூன்று மாதங்களும் மார்கழியின் பின்பாதியும் வந்தால் முந்தைய ஆங்கில ஆண்டை எடுக்க வேண்டும் என்று மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் போதும்.

இனி பெங்களூரின் அந்த 26 நாட்களுக்கு வருவோம். தமிழர் ஆண்டு சூரியனைப் பார்த்து நடப்பது. சூரியன் மீன ராசியை விட்டு மேஷத்துக்குள் நுழையும் நேரமே ஆண்டின் வாசல். அந்த நேரம் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் வந்தால் அன்றே சித்திரை 1. அஸ்தமனத்துக்குப் பின்னால் வந்தால் மறுநாள். 2024இல் சூரியன் மேஷத்துக்குள் போனது ஏப்ரல் 13 இரவில், அதனால் குரோதி ஆண்டு பிறந்தது 14ஆம் தேதி. கன்னடர்களும் தெலுங்கர்களும் பின்பற்றும் யுகாதியோ நிலவைப் பார்த்து நடப்பது. சைத்ர மாதத்து வளர்பிறைப் பிரதமையே அவர்களுக்கு ஆண்டின் முதல் நாள்.

நிலவு மாதங்களுக்குப் பெயர் சூட்டும் விதி இங்கே முக்கியம். எந்த நிலவு மாதத்துக்குள் சூரியன் மேஷத்தில் நுழைகிறதோ, அந்த மாதத்துக்குத்தான் சைத்ரம் என்று பெயர். அப்படியானால் சைத்ரத்தின் முதல் நாள் பெரும்பாலும் மேஷ சங்கராந்திக்கு முன்னால்தான் விழும். மிகவும் முன்னால் போனாலும் ஒரு நிலவு மாதத்தைத் தாண்டாது. ஆகவே கன்னடரின் ஆண்டுப் பெயர் பெரும்பாலும் தமிழரின் பெயருக்கு முன்னதாகவே மாறும், அரிதாக அதே நாளில் மாறும். இடைவெளி மட்டும் ஆண்டுதோறும் வேறுபடும். 2021இல் யுகாதி ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14. பிலவ ஆண்டு கன்னட வீட்டில் ஒரு நாள் மட்டுமே முந்திப் பிறந்தது. 2025இல் யுகாதி மார்ச் 30இல் வந்ததால் 15 நாள் இடைவெளி. 2026இல் 26 நாள். இந்த நாட்களைத் தவிர ஆண்டு முழுவதும் இரு மொழியாருக்கும் ஒரே பெயர்தான். சம்ஸ்கிருதப் பெயர்கள் தமிழ் நாவில் கொஞ்சம் உருமாறி வருவது மட்டுமே வேறுபாடு.

வடக்கே போனால் இந்த ஒற்றுமையும் நிற்காது. அறுபதாண்டுச் சுழற்சி வியாழனிடமிருந்து வந்தது. வியாழன் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு ஆகிறது, ஐந்து சுற்றுக்கு 60. ஆனால் சராசரிக் கணக்கில் வியாழன் ஒரு ராசியில் இருப்பது 361 நாளைச் சற்றே தாண்டும், சூரிய ஆண்டோ 365¼ நாள். வியாழனின் ‘ஆண்டு’ நான்கு நாளுக்கு மேல் குறைவு என்பதால், ஏறத்தாழ 85 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெயரைத் தாண்டிக் குதித்தால்தான் வியாழனோடு ஒட்டிப் போக முடியும். வடநாட்டு வழக்கில் அப்படிக் குதித்தார்கள். தென்னாட்டில் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அந்தக் குதிப்பு நின்றுபோனது. அதன்பின் நமக்கு வியாழன் எங்கே இருந்தாலும் ஓர் ஆண்டுக்கு ஒரு பெயர், வரிசை தவறாமல். இன்று வடக்கத்திப் பெயர் நம்முடையதைவிடச் சுமார் பதின்மூன்று இடம் முன்னே போய்விட்டது. காசியில் அச்சான பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு தமிழ் ஆண்டின் பெயரைத் தேடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். நாம் குதிப்பை நிறுத்தியதால்தான் ஆறைக் கழித்து அறுபதால் வகுக்கும் எளிய கணக்கு நமக்கு வாய்த்தது. வானத்தோடு இருந்த உறவைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எண்ணிக்கையை நிலைநிறுத்திக்கொண்டோம். நாள் குறிப்பதற்கு அதுவே நல்லது என்பது என் கருத்து.

ஆனாலும் இந்தப் பெயர்களில் ஒரு குறை உண்டு. பராபவ என்று கேட்டால் அது நாற்பதாவது என்று பெயரே சொல்லாது. பட்டியலை மனப்பாடம் செய்தவருக்குத்தான் தெரியும். இந்தக் குறையைத் தீர்க்க முயன்ற ஓர் ஆட்சியாளர் பெங்களூரை ஆண்டவர்தான். திப்பு சுல்தான் தம் அரசுக்கென ஒரு நாட்காட்டி வகுத்தபோது, உள்ளூரில் வழங்கிய நிலவு ஆண்டையும் அறுபதாண்டுச் சுழற்சியையும் அப்படியே வைத்துக்கொண்டு பெயர்களை மட்டும் மாற்றினார். அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ஒவ்வோர் ஆண்டுக்கும் அவர் வைத்த சொல்லின் எழுத்து மதிப்புகளைக் கூட்டினால் சுழற்சியில் அந்த ஆண்டின் வரிசை எண் வந்துவிடும்.

1786 யுகாதியில் தொடங்கிய ஆண்டை அவர் ‘தல்வ்’ என்றார். தால் 4, லாம் 30, வாவ் 6. கூட்டினால் 40. நம் கணக்கில் 1786க்கு 6 போனால் 1780, மீதி 40, பராபவ! 2026இல் பிறந்த அதே பராபவ, நான்கு சுழற்சிக்கு முந்தியது. அடுத்த ஆண்டு திப்பு எழுத்துகளுக்கு மதிப்பிடும் முறையையே மாற்றி, அரபு நெடுங்கணக்கின் வரிசைப்படி அலிஃப் 1, பே 2 என்று போகும் முறையைக் கொண்டுவந்தார். அந்த முறையில் ஷீன் 40, அலிஃப் 1. ஆக நாற்பத்தோராம் ஆண்டின் பெயர் ‘ஷா’. பெங்களூர்க் கோட்டைக்குள் அவருடைய மரமாளிகை கட்டி முடிந்த 1791ஆம் ஆண்டின் பெயர் ‘ஸபர்ஜத்’. ஸே 20, பே 2, ரே 10, ஜீம் 5, தால் 8, மொத்தம் 45. நம் பட்டியலில் நாற்பத்தைந்தாவது விரோதகிருது. இந்தப் பெயர்கள் அவர் வெளியிட்ட நாணயங்களிலும் கடிதங்களிலும் இருக்கின்றன. அவருடைய கடிதங்களை மொழிபெயர்த்து 1811இல் வெளியிட்ட கிர்க்பாட்ரிக் இந்த நாட்காட்டியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். திப்பு 1799இல் வீழ்ந்ததும் அந்தப் பெயர்களும் போயின. பிரபவாதிகள் பழையபடி வந்தன. நமக்கு மீதமிருப்பது வகுத்தல் கணக்குத்தான்.

பெயரிலிருந்து ஆங்கில ஆண்டுக்குத் திரும்பிப் போவதுதான் இன்னும் கடினம். ஒவ்வொரு பெயருக்கும் அறுபது ஆண்டு இடைவெளியில் பல ஆண்டுகள் உரிமை கோரும். பாட்டி சொன்ன தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். தாது பத்தாவது பெயர். 1816, 1876, 1936, 1996 நான்கும் தாதுதான். பஞ்சம் என்ற சொல் சேர்ந்ததால்தான் 1876 என்று உறுதியாகிறது. அந்தப் பஞ்சம் சென்னை மாகாணத்தை மட்டுமல்ல, மைசூர் அரசையும் உலுக்கியது. 1871 கணக்கெடுப்பில் 50 லட்சத்தைத் தாண்டியிருந்த மைசூர் மக்கள்தொகை 1881இல் 42 லட்சத்துக்கும் கீழே வந்தது. அவ்வளவு பெரிய துயரம் ஓர் ஆண்டுப் பெயரோடு ஒட்டிக்கொண்டால் அந்தப் பெயர் எந்தச் சுழற்சிக்கு உரியது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு வீட்டுப் பத்திரத்திலோ கல்லிலோ தாது என்று மட்டும் இருந்தால், கூடவே வேறு ஏதாவது சான்று வேண்டும்.

கல்வெட்டு எழுதியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். கோலார், பெங்களூர்ப் பக்கத்துச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அரசன் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்று எண்ணின. பிற்காலத்தில், குறிப்பாக விஜயநகரக் காலத்தில், சக ஆண்டின் எண்ணையும் சுழற்சிப் பெயரையும் சேர்த்துப் பொறிப்பது வழக்கமானது. எண் எந்தச் சுழற்சி என்று சொல்லும், பெயர் எண்ணைச் சரிபார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கர்நாடகத்தின் புகழ்பெற்ற கல்வெட்டுகளில் ஒன்றிலேயே அப்படிப்பட்ட முரண் இருக்கிறது. ஹம்பி விருபாட்சர் கோயிலில் கிருஷ்ணதேவராயரின் முடிசூட்டு விழாவைச் சொல்லும் கல்வெட்டு, கடந்துபோன சக ஆண்டு 1430, சுக்கில ஆண்டு, மாக மாதம், வளர்பிறை பதினான்காம் நாள் என்று தேதி தருகிறது. 1430ஓடு 12ஐக் கூட்டி 60ஆல் வகுத்தால் மீதி 2. அது விபவ. கல்லில் இருப்பதோ மூன்றாவது பெயரான சுக்கில. சுக்கில சரியென்றால் சக ஆண்டு 1431 என்று இருந்திருக்க வேண்டும். மாக மாதம் ஆங்கில ஆண்டின் தொடக்கத்தில் வருவது. எண்ணை நம்பினால் நாள் 1509இன் தொடக்கத்தில் விழும், பெயரை நம்பினால் 1510 ஜனவரியில். விஜயநகர வரலாற்றை 1900இல் எழுதிய ராபர்ட் சுவெல் இந்த முரணைச் சுட்டிக்காட்டி, இரண்டில் எது என்று முடிவு சொல்லாமல் விட்டார்.

என்னைக் கேட்டால் பெயரின் பக்கம் நிற்பேன். சக ஆண்டைக் ‘கடந்துபோனது’ என்றும் ‘நடப்பது’ என்றும் இரு விதமாக எண்ணுவார்கள். அந்த இரண்டுக்கும் இடையில் ஒன்று கூடிவிடுவதும் குறைந்துவிடுவதும் எழுதுகிறவன் கையில் எளிதில் நடக்கும். ஆண்டின் பெயரோ அன்றாடம் சங்கல்பத்தில் காதில் விழுவது. நடக்கும் ஆண்டு சுக்கிலவா விபவவா என்பதில், அதுவும் ஆண்டு முடியப்போகும் மாக மாதத்தில், ஊரில் எவரும் தடுமாற மாட்டார்கள். எண் புலவரின் நினைவில் இருப்பது, பெயர் ஊர் வாயில் இருப்பது.

தமிழ்க் கல்வெட்டுகளின் தேதிகளை இப்படிச் சோதித்துப் பார்க்க இன்றும் கை கொடுப்பவை எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணைகள். அவர் 1911இல் இந்தியக் காலக்கணக்கு பற்றிய நூலையும், பின்னர் பல நூற்றாண்டுகளுக்கு நாள்வாரியான பஞ்சாங்கத் தொகுதிகளையும் வெளியிட்டார். கிழமை, நட்சத்திரம், திதி மூன்றும் ஒரு தேதியில் ஒத்துவருகின்றனவா என்று அவற்றில் பார்த்துவிடலாம்.

வீட்டில் கிடக்கும் ஜாதகத்துக்கு அவ்வளவு வேண்டாம். கிழமை ஒன்றே பெரும்பாலும் போதும். பெங்களூரில் நடக்கக்கூடிய ஒன்றையே எடுத்துப் பார்ப்போம். ஒருவர் 1966 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு யுகாதி மார்ச் மாதத்திலேயே வந்துவிட்டது. ஆகவே கன்னடப் பஞ்சாங்கம் வைத்திருந்த சோதிடர் குறித்தது பராபவ ஆண்டு, சைத்ர மாதம், வளர்பிறை. தமிழ்ப் பஞ்சாங்கப்படி அது விசுவாவசு, பங்குனி 19. இரண்டும் ஒரே நாள். கெடுதல் எப்போது வருகிறதென்றால், குடும்பத்தில் யாரோ ஒருவர் கன்னட ஜாதகத்திலிருந்து ஆண்டுப் பெயரையும், தாத்தாவின் குறிப்பிலிருந்து தமிழ் மாதத்தையும் எடுத்து, ‘பராபவ, பங்குனி 19’ என்று ஒரே வரியில் எழுதிவிடும்போது. தமிழ்க் கணக்கில் பராபவ ஆண்டின் பங்குனி 1967 மார்ச், ஏப்ரலில் வருவது. பிள்ளைக்கு ஒரு வயது குறைந்துவிடும். நட்சத்திரமும் லக்னமும் எல்லாம் வேறாகிவிடும்.

இதைப் பிடிப்பது எப்படி? 1967இல் பங்குனி 19 விழுந்தது ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. ஒரு பஞ்சாங்கத்துக்கும் மற்றொன்றுக்கும் மாதப் பிறப்பில் ஒரு நாள் வேறுபட்டாலும் சனிக்கிழமைதான் வரும், வெள்ளி வராது. ஜாதகத்தில் வெள்ளி என்று இருந்தால் ‘பராபவ பங்குனி’ என்ற சேர்க்கை தவறு என்று தெரிந்துவிடுகிறது. உடனே முந்தைய பெயரான விசுவாவசுவைப் போட்டுப் பார்த்தால் 1966 ஏப்ரல் 1 வெள்ளியோடு பொருந்திவிடும்.

சரி, அது விசுவாவசுதான் என்றாலும் எந்த விசுவாவசு? 1906இன் பங்குனியா, 1966இன் பங்குனியா, 2026இன் பங்குனியா? இங்கும் கிழமையே உதவுகிறது. அறுபது சூரிய ஆண்டு என்பது ஏறத்தாழ 21,915½ நாள். அதில் 3,130 முழு வாரங்கள் போக ஐந்தரை நாள் மிஞ்சும். ஆகவே ஒரு தமிழ்த் தேதி அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வரும்போது அதன் கிழமை ஐந்தோ ஆறோ நாள் தள்ளி விழும், அதே கிழமையில் விழாது. விசுவாவசு பங்குனி 19, 1966இல் வெள்ளி. 2026இல் அதே தேதி ஏப்ரல் 2, வியாழன். 1906க்குப் பின்னோக்கிப் போனால் சனியோ ஞாயிறோ வரும். பக்கத்துப் பக்கத்துச் சுழற்சிகளைக் கிழமை இப்படித் தெளிவாகப் பிரித்துவிடும். ஐந்து சுழற்சி, அதாவது 300 ஆண்டு போனால்தான் பழைய கிழமை மறுபடி தலைகாட்ட வாய்ப்பு உண்டு. வீட்டு ஜாதகத்தில் 300 ஆண்டுக் குழப்பம் வராது. கல்வெட்டில் வரலாம். அங்கே அரசன் பெயரும் எழுத்தின் வடிவமும் உதவிக்கு வரும்.

யுகாதிக்கும் சித்திரை முதல் நாளுக்கும் இடையில் பிறந்தவர்கள் அறுபதாம் கலியாணம் செய்யும்போது கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வந்து, பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளே சஷ்டியப்த பூர்த்திக்கு உரியது. மேலே சொன்னவர் தமிழ் முறைப்படி போனாலும் கன்னட முறைப்படி போனாலும் 2026இன் அதே வசந்தத்துக்கே வந்துசேர்வார். இரண்டையும் கலந்து போனால்தான் 2027க்குத் தள்ளிப்போய்விடுவார்.

இன்னொரு பிழை ஒலியால் வருவது. பட்டியலில் ஒத்த பெயர்கள் பல. விரோதி 23ஆவது, விரோதகிருது 45ஆவது. பிரமாதி 13, பிரமாதீச 47. குரோதி 38, குரோதன 59. ஹேவிளம்பியும் விளம்பியும் அடுத்தடுத்தவை. பூச்சி அரித்த ஓலையிலோ தேய்ந்த கல்லிலோ ‘விரோத’ வரை படிக்க முடிந்து மிச்சம் போய்விட்டால், 22 ஆண்டு இடைவெளியில் இரண்டு விடை நிற்கும். முதல் எழுத்து சிதைந்தால் ஹேவிளம்பி விளம்பியாகி ஓராண்டு நகர்ந்துவிடும். கெம்பேகௌடர் பெங்களூருக்கு அடிக்கல் இட்டதாகச் சொல்லப்படும் 1537, நம் கணக்கில் மீதி 31, ஹேவிளம்பி. பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொள்கிறவர் காதில் அது விளம்பியாக விழுந்தால் 1538 ஆகிவிடும்.

சுழலும் பெயர் வேண்டாம், தொடர்ந்து ஏறும் எண் வேண்டும் என்ற எண்ணமும் நமக்குள் நெடுநாளாக உண்டு. அறுபது பெயரும் சம்ஸ்கிருதம் என்பதும் அதற்கு ஒரு காரணம். அப்படி வந்ததே திருவள்ளுவர் ஆண்டு. ஆங்கில ஆண்டோடு 31ஐக் கூட்டினால் கிடைக்கும், தை முதல் நாளில் மாறும். 2026 தையில் அது 2057. தமிழ்நாட்டு அரசு 2008இல் சட்டம் இயற்றித் தை முதல் நாளையே புத்தாண்டாக்கியது, 2011இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அந்த மூன்று ஆண்டுகளிலும்கூடப் பஞ்சாங்கங்கள் பெயரைச் சித்திரையில்தான் மாற்றின. புத்தாண்டு எது என்பதில் நாம் எந்தக் கட்சியில் நின்றாலும், பழைய ஆவணத்தில் இருக்கும் பெயரைப் படிக்க வேண்டுமானால் சித்திரைக் கணக்கையே பின்பற்ற வேண்டும். எழுதியவர்கள் அந்தக் கணக்கில்தான் எழுதினார்கள்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் ஒரு வேண்டுகோள். பங்குனியில் திருமணம் வைத்துப் பத்திரிகை அச்சடிக்கும்போதும், குழந்தை பிறந்த நேரத்தைக் குறிக்கும்போதும், ஆண்டின் பெயரோடு ஆங்கிலத் தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். எந்தப் பஞ்சாங்கம் பார்த்து எழுதியது என்றும் ஒரு சொல் போடுங்கள். 2027இல் யுகாதி ஏப்ரல் 7ஆம் நாள் வருகிறது, தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14. இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தில் பிறக்கும் குழந்தைக்குக் கன்னட ஜாதகம் பிலவங்க என்று எழுதும், தமிழ் ஜாதகம் பராபவ என்று எழுதும்.